ரொறன்ரோவின் 400 டொலர் கொக்குவிலில் எவ்வளவு?

“எனக்கு வயது 71. கொக்குவிலில் தனியாக இருக்கிறேன். மகன் ரொறன்ரோவில். மாதம் 400 கனேடிய டொலர் அனுப்புவான். 2022 நடுப்பகுதியில் அது 112,000 ரூபாயாக வந்தது, இப்ப 86,000தான். வேறு வருமானம் இல்லை. போன மாதம் கதைக்கும்போது, இணையத்தில் ஏதோ கணக்குப் பார்த்தேன், சாமான் விலையை வைத்துப் பார்த்தால் ஒரு கனேடிய டொலர் உண்மையில் 75 ரூபாய்தான் என்றான். அப்படியென்றால் நான் அங்கே 1,150 டொலரில் வாழ்கிற மாதிரி இங்கே வாழ்கிறேனாம். இனி 300 போதாதா என்று கேட்கிறான். அவன் கையில் மாதம் 4,800 டொலர் வருகிறது, எங்கள் காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். எனக்குச் சரியான மனவருத்தம். என் பெயரில் டொலர் கணக்கில் 6,000 கிடக்கிறது. ரூபாய் எப்படியும் 75க்கு வரும், அதற்கு முதல் மாற்றிப் போடுங்கோ என்றும் சொல்கிறான். என் செலவுக் கணக்கை வைத்திருக்கிறேன். அதே சாமான்கள் அங்கே என்ன விலை என்று மருமகளிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யார் சொல்வது சரி?”

அம்மா, உங்கள் மகன் சொன்ன 75 பொய்க் கணக்கு இல்லை. முறையாகச் செய்யப்படும் ஒரு கணக்கிலிருந்து வருகிற எண்தான் அது. ஆனால் அது செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, செய்ய முடியாத வேலை இரண்டு இருக்கிறது. அது செய்ய முடியாத இரண்டுக்கும் மகன் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். நீங்கள், அது செய்யக்கூடிய வேலையிலும் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டீர்கள். இந்த மனவருத்தத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

75 எங்கிருந்து வருகிறது

இதைக் கொள்வனவுச் சக்திச் சமநிலை என்பார்கள். முதலாம் உலகப்போரில் நாணயங்கள் எல்லாம் குலைந்து கிடந்தபோது, எந்த நாணயம் எந்த வீதத்தில் நிற்கவேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக, சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்டாவ் காசெல் 1918இல் இந்தப் பெயரை வைத்தார். எண்ணம் எளிதானது. ஒரே சாமான்கள் உள்ள கூடை ஒன்றை எடுங்கள். அது இங்கே 7,500 ரூபாய், அங்கே 100 டொலர் என்றால், ஒரு டொலர் 75 ரூபாய்க்குச் சமம். வங்கியில் 215 கொடுத்தாலும் சரி, கூடை சொல்வது 75தான். இன்று இதற்கான விலைகளை உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் நாடு நாடாகச் சேகரிக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக்கான சுற்றில் 176 பொருளாதாரங்கள் சேர்ந்தன, முடிவு 2024இல் வந்தது.

காசெலின் எண்ணத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் மலிவாகவும் இன்னோரிடத்தில் விலையாகவும் இருந்தால், யாராவது ஒரு வியாபாரி மலிந்த இடத்தில் வாங்கி மற்ற இடத்தில் விற்பான், அப்படியே இரண்டு விலையும் நெருங்கிவிடும் என்பதுதான் அது. இது எவ்வளவு உண்மை, எங்கே உடையும் என்பதை யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்தவன் நான். கொழும்பிலும் அதே ரூபாய், இங்கேயும் அதே ரூபாய். ஆனால் மண்ணெண்ணெய் இங்கே அங்கத்தைய விலையின் பல மடங்கு. சவர்க்காரமும் அப்படித்தான். நாணயம் ஒன்றாக இருந்தும் விலை ஒன்றாகவில்லை, ஏனென்றால் சாமான் வர வழியில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதியை மூடியபோது அதை இன்னொரு தடவை பார்த்தோம். வழி திறந்ததும் விலைகள் மெல்ல மெல்ல நெருங்கின.

ஆக, விலை சமப்படுவதற்கு அந்தப் பொருள் பயணம் செய்ய வேண்டும். பருப்பு கப்பலில் வரும். மாத்திரை பிளேனில் வரும். உங்கள் வீட்டுக்கு உதவிக்கு வருகிற பிள்ளையின் வேலை கொக்குவிலைவிட்டு எங்கும் போகாது.

உங்கள் கூடையைப் பிரித்துப் பார்ப்போம்

மருமகள் தந்த விலைகளைப் பக்கத்தில் எழுதி அனுப்பியது பெரிய உதவி. இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உங்கள் ரூபாய்ச் செலவை அங்கத்தைய டொலர் விலையால் பிரித்தால், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ‘வீதம்’ வரும்.

மருந்துக்கு இங்கே 18,000 ரூபாய், அங்கே 75 டொலர். அப்படியென்றால் ஒரு டொலர் 240 ரூபாய். பால்மா, பருப்பு, சீனி, கோதுமை மா எல்லாம் சேர்த்து 14,000, அங்கே 60 டொலர். இது ஏறக்குறைய 233. இந்த இரண்டிலும் வங்கி வீதமான 215ஐயும் தாண்டிவிட்டது. அதாவது உங்கள் மருந்தும் பால்மாவும் ரொறன்ரோவைவிடக் கொக்குவிலில்தான் விலை. ஏற்றுக்கூலி, இறக்குமதி வரி, சின்னச் சந்தை என்று எல்லாம் அதற்குள் ஏறிவிடுகிறது.

மின்சாரம், காஸ், தொலைபேசிக்கு 8,000, அங்கே 80 டொலர். இது 100. அரிசி, மீன், மரக்கறி, தேங்காய்க்கு 16,000, அங்கே 180 டொலர். இது 89. ஸ்காபரோவில் ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு மருமகள் கொடுக்கும் விலையைப் பார்த்து நீங்கள் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். ஆச்சரியப்பட வேண்டியதுதான், ஆனால் அங்கே அது பிளேனில் வந்த காய்.

கடைசியாக உதவிக்கு வரும் பிள்ளை. நாளுக்கு நாலு மணித்தியாலம், மாதம் 26 நாள், 30,000 ரூபாய். அதே 104 மணித்தியாலத்துக்கு ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரில் வந்த குறைந்தபட்சக் கூலியான 17.60 டொலர்ப்படி கொடுத்தால் 1,830 டொலர். இங்கே ஒரு டொலர் வெறும் 16 ரூபாய்.

இப்போது பாருங்கள். ஒரே வீட்டின் ஒரே மாதச் செலவுக்குள் 16இலிருந்து 240 வரை வீதம் ஓடுகிறது. 75 என்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வீதங்களின் சராசரி மட்டுமே. உங்கள் முழுக் கூடையையும் சேர்த்தால் 86,000 ரூபாய்க்கு எதிரே 2,225 டொலர் வருகிறது, அதாவது ஒரு டொலருக்கு 39 ரூபாய். மகன் சொன்னதைவிட அவருக்கே சாதகமான எண் இது! ஆனால் உதவிக்கு வரும் பிள்ளையை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். மிச்சம் 56,000 ரூபாய்க்கு 395 டொலர். வீதம் சட்டென்று 142க்கு ஏறிவிடுகிறது.

ஒரு ஆளைச் சேர்ப்பதும் விடுவதும் கணக்கை இவ்வளவு புரட்டுகிறது என்றால், யாருடைய கூடையை எடுக்கிறோம் என்பதுதான் இங்கே முழு விஷயமும். ரொறன்ரோவில் 71 வயதுத் தாய் ஒருவர் மாதம் 1,830 டொலர் கொடுத்து ஆள் வைப்பது அருமை. வாஷிங் மெஷின் இருக்கும், பாத்திரம் கழுவும் மெஷின் இருக்கும். எங்கே எது மலிவோ அதைக் கூடுதலாகப் பயன்படுத்துவதுதான் மனித இயல்பு. அதனால் இலங்கைக் கூடையை வைத்து அளந்தால் இலங்கை மிகவும் மலிவாகத் தெரியும். கார், வாடகை வீடு, போன் என்று கனடாக் கூடையை வைத்து அளந்தால் அவ்வளவு மலிவாகத் தெரியாது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்கு 2025இல்தான் திறந்தது, பல வாகனங்களுக்கு வரியே அடக்க விலையைத் தாண்டுகிறது. மகன் தன் கூடையோடு இங்கே வந்து இருந்து பார்த்தால் இது உடனே விளங்கும். இந்தச் சிக்கல் தெரிந்துதான் சர்வதேசக் கணக்கில் இரண்டு பக்கக் கூடைகளையும் வைத்து அளந்து நடுவே ஒரு எண்ணை எடுக்கிறார்கள். நாடு முழுவதையும் ஒப்பிட அது நல்ல எண். உங்கள் சமையலறைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுவாக இணையத்தில் கிடைக்கும் எண் நாட்டின் முழு உற்பத்திக்குமான எண். அரச ஆசிரியரின் சம்பளம், பாலம் கட்டும் செலவு, இயந்திரங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உங்கள் கூடைக்குள் பாலம் இல்லை.

மகனின் சம்பளத்தை ரூபாயில் பெருக்காதீர்கள்

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். 4,800 டொலரை 215ஆல் பெருக்கிப் பத்து லட்சம் என்று பார்த்தீர்கள் அல்லவா, இங்கேதான் மகனின் 75 சரியான எண். அவர் அந்தக் காசை ரொறன்ரோவில் உழைத்து ரொறன்ரோவிலேயே செலவழிக்கிறார். வாடகையும் பிள்ளைப் பராமரிப்பும் அங்கத்தைய விலையில். 75ஆல் பெருக்கினால் 360,000 ரூபாய். இலங்கையில் மாதம் மூன்றரை லட்சம் எடுக்கிற ஒரு குடும்பம் எப்படி வாழுமோ, கிட்டத்தட்ட அப்படி என்று வையுங்கள். வசதிதான், ஆனால் பத்து லட்சக்காரர் இல்லை. உங்களுக்கு அனுப்பும் 400 டொலர், குறைந்தபட்சக் கூலிக்காரர் ஒருவருக்கு வரிக்கு முன்பே 23 மணித்தியால உழைப்பு. மகன் அதைவிடக் கூட எடுப்பார், ஆனாலும் அது சில்லறைக் காசு இல்லை.

உழைக்கிற இடமும் செலவழிக்கிற இடமும் ஒன்றாக இருந்தால், இரண்டு ஊர் வாழ்க்கையை ஒப்பிட இந்தச் சமநிலை எண்ணை எடுக்கலாம். காசு எல்லை தாண்டி வருகிறதென்றால் வங்கி வீதம்தான் கணக்கு. 400 டொலர் உங்கள் கைக்கு 86,000 ரூபாயாக வருகிறது. அது எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை உங்கள் ஊர்க் கடை விலை சொல்லும். அதற்கு டொலரே தேவையில்லை.

300 ஆக்கினால் 64,500 வரும், 21,500 துண்டு விழும். எதைக் குறைப்பீர்கள்? மருந்தைக் குறைக்க முடியாது, சாப்பாட்டில் கொஞ்சம் பிடிக்கலாம், மிச்சத்துக்கு அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்த வேண்டிவரும். தாய் மலிவாக வாழ்கிறார் என்று கணக்குக் காட்டியதே பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் குறைந்த கூலியால். அதை நம்பி வெட்டினால் முதலில் போவதும் அவரே. இதை மகனிடம் கோபமில்லாமல் சொல்லுங்கள். எண்களைக் காட்டினால் விளங்கிக்கொள்வார்.

112,000 எங்கே போனது

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். 2022 மார்ச் தொடக்கம் வரை ஓர் அமெரிக்க டொலரை 203 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கனேடிய டொலரும் 280ஐ ஒட்டி ஏறியது, அதுதான் உங்கள் 112,000. சாமான் விலைகள் பின்னால் ஓடி வந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதமாக இருந்தது.

அப்புறம் ரூபாய் ஓரளவு நிமிர்ந்தது. டொலர் இறங்கியது, உங்கள் கைக்கு வருவது 86,000 ஆனது. பணவீக்கமும் குறைந்தது. ஆனால் பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைவது, விலை பழைய இடத்துக்குத் திரும்புவது இல்லை. சில சாமான்கள் கொஞ்சம் இறங்கின, கூலியும் பலசரக்கும் 2021இன் விலைக்குப் போகவில்லை. ஆக, மகன் அனுப்புவது அன்றும் 400, இன்றும் 400. அவர் மனதில் ஒன்றும் மாறவில்லை. உங்கள் மேசையில் 26,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அவர் வெட்டவேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே நாணயமாற்று வீதம் ஒரு தடவை வெட்டிவிட்டது. இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்த 6,000 டொலர்

ரூபாய் 75க்கு வரும் என்று எதிர்பார்த்து மாற்றவேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சந்தை வீதத்துக்கும் 75க்கும் உள்ள இடைவெளி ரூபாய் தவறான விலையில் இருப்பதால் வந்தது அல்ல. கூலி குறைவாக இருப்பதால் வந்தது. கனடாவில் தொழிற்சாலையிலும் வங்கியிலும் ஒரு ஆளின் உற்பத்தி கூட, அதனால் சம்பளம் கூட. அந்தச் சம்பளத்தோடு போட்டி போடவேண்டியிருப்பதால் முடிவெட்டுகிறவர் கூலியும் ஏறுகிறது, கத்தரிக்கோல் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித்தான் வெட்டினாலும். 1964இல் பொருளியலாளர்கள் பெலா பலாசாவும் போல் சாமுவெல்சனும் தனித்தனியாக விளக்கியது இதைத்தான். இந்த இடைவெளி மூட வேண்டுமென்றால் இலங்கையின் உற்பத்தியும் கூலியும் கனடாவை நெருங்க வேண்டும். அது ஒரு தலைமுறைக் கதை. நடந்தாலும் பெரும்பாலும் இங்கத்தைய கூலியும் விலையும் ஏறுவதன் வழியாக நடக்கலாம், டொலர் 75க்கு இறங்குவதன் வழியாக அல்ல.

நேரடிச் சான்று வேண்டுமென்றால் 2022தான். 203இல் நின்றபோதும் இதே மாதிரிக் கணக்கு, ரூபாயின் வாங்கும் சக்தி சந்தை வீதம் காட்டுவதைவிடப் பல மடங்கு கூட என்றுதான் சொல்லியது. அதை நம்பி பெப்ரவரியில் டொலரை ரூபாயாக்கியவர்களுக்கு மே மாதம் என்ன நடந்தது என்று உங்கள் ஒழுங்கையிலேயே யாராவது சொல்வார்கள்.

இந்தக் கொள்கையில் எதிர்காலத்துக்கு உதவக்கூடிய துண்டு ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் விலைகள் வேகமாக ஏறுகின்றனவோ, அந்த நாட்டு நாணயம் காலப்போக்கில் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு இறங்கும் என்பது. நீண்ட காலத்தில் இது ஓரளவு பிடிக்கிறது. ஆனால் வீதம் இந்தப் பாதையைவிட்டு விலகினால், அந்த விலகலில் பாதி சரியாவதற்கே மூன்றிலிருந்து ஐந்து வருடம் எடுக்கும் என்று பொருளியலாளர் கெனத் ரோகோஃப் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். அடுத்த வருடம் மாற்றுவதா இல்லையா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஆகவே வீதத்தை ஊகிக்காமல் செலவைப் பார்த்துப் பிரியுங்கள். உங்கள் செலவில் மருந்தும் இறக்குமதிச் சாமானும் 32,000, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ரூபாய் விழுந்தால் இவை உடனே ஏறும். அந்த நேரம் டொலரில் கிடக்கும் சேமிப்பும் ரூபாயில் கூடும், ஒன்றை ஒன்று தாங்கும். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான காசை ரூபாயில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை டொலரிலேயே விடுங்கள். ரூபாய் வைப்புக்கு வட்டி கூட என்பார்கள், உண்மைதான். அந்தக் கூடுதல் வட்டி ரூபாய் விழக்கூடும் என்ற ஆபத்துக்கான விலை. அதோடு கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. மாற்றச் சொல்லி மகன் யோசனை சொல்லலாம், முடிவும் கையெழுத்தும் உங்களுடையது.

மகனிடம் என்ன கேட்பது

400ஆ 300ஆ என்று டொலரில் பேசுவதை விடுங்கள். ரூபாயில் ஒரு தொகையை ஒத்துக்கொள்ளுங்கள். இன்றைய கூடை 86,000 என்றால், அன்றைய வங்கி வீதப்படி அதற்கு எத்தனை டொலரோ அதை அவர் அனுப்பட்டும். ரூபாய் விழுந்த மாதம் அவருக்குக் குறையும், நிமிர்ந்த மாதம் கூடும். சாமான் விலை ஏறுவதற்காக ஆறு மாதத்துக்கு ஒருதரம் இதே பட்டியலை இதே கடைகளில் திருப்பி விலை பாருங்கள். கடையை மாற்றாதீர்கள், பால்மாப் பைக்கற்றின் நிறையையும் பாருங்கள். விலை அப்படியே இருக்க நிறை குறைந்திருந்தால் அதுவும் விலையேற்றம்தான், பட்டியலில் நழுவிப்போவது பெரும்பாலும் அதுதான்.

அவருக்கு உண்மையிலேயே காசு நெருக்கடி என்றால், வெட்டவேண்டிய இடம் அந்தப் பிள்ளையின் கூலி இல்லை. 240 வீதத்தில் நிற்கிற மருந்தைப் பாருங்கள். பாமசியில் வாங்குகிற 18,000 ரூபாய் மருந்தில் பிரஷருக்கும் சீனிக்கும் உரியவை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கக்கூடியவையா, பாமசியில் வாங்குவதில் அதே மருந்தின் மலிவான பெயர் ஏதும் உண்டா என்று உங்கள் டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அவரைக் கேட்காமல் ஒன்றையும் மாற்றவேண்டாம். அங்கே ஏழெட்டாயிரம் மிச்சம் பிடித்தால், மகனுக்கு 35 டொலர் அளவில் குறையும், உங்கள் வீட்டில் ஒன்றும் குறையாது. கிளினிக் நாளில் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசை நீளமாக இருக்கும்.